கடைக்கார அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

சூலக்கரையிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி எழுதுகிறேன். என் அம்மாச்சி வீட்டிலிருந்து மழையில் வீணாகிப்போன ஒரு கேசட்டைப் பற்றிக் கேட்கவே இக்கடிதம்.

அட்டையில் தங்கள் கடையின் மயில் படம் இருக்கும். ஒரு பக்கம் ‘முதல் மரியாதை’, ‘சிந்து பைரவி’ பாடல்கள். மறுபக்கம் ‘மௌன ராகம்’. முதலிரண்டும் 1985இல் வந்த படங்கள், மூன்றாவது 1986. ஆகவே அதற்கு முன் அது பதிவாகியிருக்காது. என் அம்மா 1988இல் முதல் வகுப்பில் சேரும்போதே அது வீட்டில் இருந்ததாம்.

பாடல்களின் பெயர்கள் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னே, இசைத்தட்டில் ஊசி உரசும் ‘கரகர’ ஒலி கேட்கும். எனவே அது கம்பெனி கேசட் அன்று. கேட்டவர் கொடுத்த பட்டியல்படி தாங்கள் பதிந்து தந்தது. அதைப் போல் இன்னொன்று எங்கும் கிடைக்காது.

அந்தப் பட்டியலைக் கொடுத்தவர் காலஞ்சென்ற என் தாத்தா. பாடல்கள் கைபேசியில் கிடைக்கின்றன; வரிசைதான் கிடைக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்ததும் அம்மாச்சி அடுத்ததை முணுமுணுப்பார்கள். கைபேசியில் வேறு பாட்டு வரும், பேசாமல் இருந்துவிடுவார்கள்.

1986 முதல் 1988 வரையிலான பதிவு நோட்டுகள் தங்களிடம் இருந்தால், அந்த வரிசையை மட்டும் எழுதித் தாருங்கள், அண்ணாச்சி.