வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு ஒரு ரிசப்ஷன் அழைப்பு

மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள், வர முடியாதவர்கள் எல்லோருக்கும் நன்றி. இதற்காக ஃபேஸ்புக்கில் ஒரு அழைப்பு போட்டிருந்தேன். அதைப் பார்த்த இரண்டு நண்பர்கள், "எங்க வீட்டுலயும் விசேஷம் வருது, அதை அப்படியே எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வரியை ஏன் எழுதினோம் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நிலவரம். நாங்கள் இருப்பது புனே. மாப்பிள்ளை மராத்திப் பையன். முகூர்த்தம் 2026 ஜனவரி 28, புதன்கிழமை, கும்பகோணத்தில். ரிசப்ஷன் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை, புனேயில். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வெளியே. அத்தை பினாங்கில், பெரியப்பா மகன் சிட்னியில், தங்கமணியின் ஒரே தம்பி நியூஜெர்சியில். அதாவது, மணப்பெண்ணின் தாய்மாமன் அமெரிக்காவில். அவர் வராமல் எங்கள் பக்கத்தில் கல்யாணம் எப்படி என்பது உங்களுக்கே தெரியும்.

வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போய் அழைத்த காலத்திலும் தூரத்துச் சொந்தத்துக்குத் தபால்தான். நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அதில் ஒரு வரி இருக்கும். அதனால் ஃபேஸ்புக்கில் கூப்பிடுவது மரியாதைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. நாம் போடுவது நம் நண்பர்கள் எல்லோர் கண்ணிலும் படும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதோடு, அழைப்பை மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்துகொண்டால் பெரியவர்களுக்கு மனசு கஷ்டப்படும். எனவே தங்கமணி ஒரு லிஸ்ட் போட்டார். 23 வீடு. மூத்தவர்களில் ஆரம்பித்து இரண்டு சனி ஞாயிறு உட்கார்ந்து எல்லோருக்கும் போன். அதற்குப் பிறகுதான் பதிவு, நவம்பர் இரண்டாம் வாரத்தில். லீவும் டிக்கெட்டும் போட இரண்டரை மாதமாவது வேண்டாமா?

முதல் வரைவு என் பையன் எழுதினது. நட்சத்திரம், இதயம் எல்லாம் பறக்கிற ஒரு படம், நடுவில் 01/02/2026 என்று தேதி. நமக்கு அது பிப்ரவரி 1. நியூஜெர்சியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஜனவரி 2! அதுவும் வெள்ளிக்கிழமையாக வந்து தொலைக்கிறது, வார இறுதி விசேஷம் என்றால் யாருக்கும் சந்தேகமே வராது. மாதத்தை எழுத்தில் எழுதி, கூடவே கிழமையையும் போட்டுவிட்டால் இந்த வம்பு இல்லை. தேதியும் கிழமையும் ஒத்துப்போகாவிட்டால் படிக்கிறவரே "என்னப்பா இது" என்று கேட்டுவிடுவார்.

இன்னொன்று, நீளமான பதிவு என்றால் ஃபேஸ்புக் முதல் சில வரிகளைக் காட்டிவிட்டு மீதியை "See more" என்று மடித்து வைத்துவிடும். பையனின் வரைவில் அந்தச் சில வரிகளும் காதல் கவிதை. :-) அதைக் கீழே தள்ளிவிட்டு எது, எப்போது, எங்கே என்பதை மேலே கொண்டுவந்தோம். கடைசியில் போட்டது இது (பெயர்களையும் மண்டபத்தையும் எடுத்துவிட்டேன்):

"எங்கள் மகளின் கல்யாண ரிசப்ஷனுக்குக் குடும்பத்தோடு வாருங்கள். 2026 பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரம் மாலை 6.30, புனே.

உங்களில் பாதிப் பேர் அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டவர்கள். மீதிப் பேர் அவள் பேச்சைக் கேட்டுக் காது வலித்தவர்கள். நீங்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று அவளுக்கும் எங்களுக்கும் ஆசை. உங்கள் பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த அழைப்பு.

முகூர்த்தம் ஜனவரி 28, புதன்கிழமை காலை 9 முதல் 10.30 வரை, கும்பகோணத்தில். இரண்டுக்கும் வந்தால் சந்தோஷம். லீவு குறைவு, ஒன்றுக்குத்தான் முடியும் என்றால் புனேக்கு வாருங்கள், எல்லோரையும் அங்கே பார்க்கலாம்.

புனேயில் ஜனவரி 31 சனிக்கிழமை மதியம் முதல் பிப்ரவரி 2 திங்கட்கிழமை காலை வரை தங்க இடம் எங்கள் பொறுப்பு. மும்பையில் இறங்குகிறவர்கள் விமானத்தின் நேரத்தைச் சொன்னால் வண்டி அனுப்புகிறோம்.

வருகிறவர்கள் டிசம்பர் 25க்குள் எத்தனை பேர், எந்தத் தேதி என்று எங்கள் இருவரில் ஒருவருக்கு வாட்ஸப்பில் ஒரு வரி போடுங்கள். வர முடியாதவர்கள் காரணம் எதுவும் எழுத வேண்டாம். எங்கே இருந்தாலும் உங்கள் ஆசி உண்டு என்று எங்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்தே பார்க்க லிங்க் அனுப்புவோம். பரிசு, மொய் எதுவும் வேண்டாம். நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளுங்கள்."

அவ்வளவுதான். இதற்குக் கீழே இதையே ஆங்கிலத்தில் என் மகள் எழுதினாள். தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத ஒரு தலைமுறையே அங்கே இருக்கிறதே.

பிள்ளைகள், மருமக்கள் என்று நீட்டி எழுதியதற்குக் காரணம் உண்டு. நமக்குக் "குடும்பத்தோடு" என்றால் வீட்டில் இருக்கிற எல்லோரும். அங்கேயே வளர்ந்தவர்களுக்கு அழைப்பில் தன் பேர் இருந்தால்தான் அழைப்பு. "அப்பா அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்காங்க" என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது தெரியாமல் நாம் "ஏன் அந்தப் பையன் வரல" என்று வருத்தப்படுவோம்.

புனேயா கும்பகோணமா என்று வெளிப்படையாகச் சொன்னதில் தங்கமணிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். முகூர்த்தம்தானே முக்கியம் என்றார். வாஸ்தவம்தான். ஆனால் பத்து நாள் லீவில் வருகிறவரிடம் "உங்க சௌகரியம்" என்று சொன்னால் பாரத்தை அவர் தலையில் வைக்கிறோம். எதற்கு வராவிட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று அவர் குழம்புவார். நாமே சொல்லிவிட்டால் அவர் பாட்டுக்கு டிக்கெட் போடுவார்.

பதிவை நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்தேன், பொதுவில் இல்லை. யாரையும் டேக் செய்யவும் இல்லை. டேக் செய்தால் அவர்களுடைய நண்பர்களுக்கும் அது போய்ச் சேரக்கூடும். குடும்பமே ஒரு வாரம் கும்பகோணத்தில் என்று ஊருக்கெல்லாம் அறிவிப்பானேன்? வீட்டு முகவரி, போன் நம்பர் எதுவும் போடவில்லை. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸப்பில் .apk கோப்பு அனுப்பி ஏமாற்றுவது 2024லிருந்து நடக்கிறது. அதனால் "எங்களிடமிருந்து எந்தக் கோப்பும் வராது, வந்தால் திறக்காதீர்கள்" என்று முதல் கமெண்டாக ஒரு வரி சேர்த்தேன். QR கோடு போட்டு மொய் கேட்கிற அழைப்புகளையும் பார்க்கிறேன். அது என்னவோ எனக்கு ஒப்பவில்லை.

"காரணம் எழுத வேண்டாம்" என்ற வரிக்கு வருகிறேன். அது தங்கமணி சேர்த்தது. அவருடைய தம்பிக்காகத்தான். தம்பி எச்1பி விசாவில் இருப்பவர். பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை காலாவதி ஆகிவிட்டது. அங்கே வேலை பார்க்க அது தடையில்லை. ஆனால் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் புது முத்திரை வாங்காமல் திரும்பிப் போக முடியாது. ஜனவரி 20க்கு நேர்காணல் தேதி வாங்கி, டிக்கெட்டும் போட்டிருந்தார். 2025 டிசம்பரில் இந்தியாவில் நடக்கவிருந்த எச்1பி நேர்காணல்கள் நிறையப் பேருக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போயின. அவருக்கும் போனது. வந்தால் மாட்டிக்கொள்வார். வேலை, வீட்டுக் கடன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம்.

இதை இருநூறு பேர் படிக்கிற இடத்தில் அவர் எழுதியிருக்க வேண்டுமா? எழுதினால், "அந்த ரூட்டுல வாங்க, இந்த லாயரைப் பாருங்க" என்று நாலு பேர் யோசனை சொல்வார்கள். எழுதாவிட்டால் "தாய்மாமன் வரலையாமே" என்று பத்துப் பேர் கேட்பார்கள். பதிவிலேயே அந்த வரி இருந்ததால் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாட்ஸப்பில் அக்காவுக்கு "முடியலக்கா" என்று ஒரே ஒரு வரி. அன்றைக்கு எங்கள் வீட்டில் சமையல் இல்லை.

அவர் மட்டுமில்லை. பினாங்கு அத்தைக்கும் அந்த வரி உதவியது. பிப்ரவரி 1 அன்றைக்குத்தான் தைப்பூசம். மருமகன் காவடி எடுக்கிறார், வீட்டை விட்டு வர வழியில்லை. போனில், "நீ முதல்ல கூப்பிட்டுச் சொன்னியே, அது போதும்ப்பா" என்றார்.

லிங்க் அனுப்பும்போது நேரத்தை அவரவர் ஊர்க் கணக்கில் எழுதினோம். மாலை 6.30 என்றால் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இரவு 9, லண்டனில் மதியம் 1, நியூஜெர்சியில் காலை 8. சிட்னியில் நள்ளிரவு 12, அதாவது அவர்களுக்குத் திங்கட்கிழமை பிறந்துவிடும். முகூர்த்தம் இன்னும் வேடிக்கை. இங்கே புதன் காலை 9 என்பது நியூஜெர்சியில் செவ்வாய் இரவு 10.30. "புதன்கிழமை" என்று மட்டும் அனுப்பியிருந்தால் தம்பி தூங்கி எழுந்து பார்க்கும்போது தாலி கட்டி முடிந்திருக்கும்.

முகூர்த்தத்தில் தாய்மாமன் ஸ்தானத்தில் தங்கமணியின் சித்தப்பா மகன் மாலை போட்டு நின்றார். சீர்த் தட்டில் இருந்த புடவை மட்டும் நியூஜெர்சி மாமா எடுத்து அனுப்பியது.

ரிசப்ஷனில் மேடைக்கு எதிரே என் பையன் போனை ஸ்டாண்டில் வைத்திருந்தான். 6.40க்கு எட்டிப் பார்த்தேன். தம்பி வேட்டி சட்டையில், விபூதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு பிள்ளைகளும் இரவு உடையில், கையில் தட்டு. என்ன டிபன் என்று கேட்டேன். "கல்யாண வீடு மாமா, கேசரி பண்ணியிருக்கோம்" என்றாள் சின்னவள்.