நேர்முகம் தவறிய வெள்ளிக்கிழமை

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. அன்று அதிகாலை கனடாவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் வலையமைப்பு நாடு முழுவதும் விழுந்தது. இணையமும் கைப்பேசியும் ஒரே நேரத்தில் போயின. கடைகளில் டெபிட் அட்டை வேலை செய்யவில்லை. பல இடங்களில் 911 அவசர அழைப்புகூடக் கிடைக்கவில்லை. ரொறன்ரோவில் இன்னொரு நிறுவனத்தின் வைஃபை இருந்த காப்பிக்கடைகளில் சனம் மொய்த்தது.

ஸ்காபரோவில் எங்கள் தெருவில் இருக்கும் பிள்ளை ஒருத்திக்கு அன்று காலை ஒன்பதரைக்குக் காணொளி நேர்முகம். மிசிசாகாவில் ஒரு கணக்குப் பிரிவு வேலை. வீட்டு இணையமும் கைப்பேசியும் ஒரே நிறுவனத்துடையவை என்பதால், ஒன்று போனால் மற்றது என்று கைகொடுக்க எதுவும் இருக்கவில்லை. பத்து மணிக்கு என் கதவைத் தட்டினாள். "அக்கா, எல்லாம் போச்சுது. இனி அவை என்னைக் கூப்பிடமாட்டினம்."

என் வீட்டு இணைப்பு வேறு நிறுவனத்துடையது. முதலில் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னேன். மணி அடித்து ஓய்ந்தது. பிறகு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தாள்.

அவள் எழுதிய முதல் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போனது. இரவெல்லாம் ஆயத்தம் செய்தது, ஊரில் அம்மாவுக்குச் சுகமில்லாதது, இந்த வேலை எவ்வளவு தேவை என்பது, "தயவுசெய்து ஒரு சந்தர்ப்பம் தாருங்கள்" என்று மூன்று தரம். எங்கள் ஊரில் துயரத்தைச் சொன்னால்தான் மன்னிப்பு மனதைத் தொடும். ஆனால் இங்கே அந்தக் கடிதத்தை முதலில் வாசிப்பவர் ஆட்சேர்ப்பு அலுவலர். அவர் அதை நேர்முகம் செய்யும் மேலாளருக்கு அப்படியே அனுப்ப வேண்டும். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தின்படி, நேர்முகத்தில் குடும்ப நிலைமையைக் கேட்கக் கூடாது. கேட்கக் கூடாத விஷயத்தை நாமே எழுதிவிட்டால், அதை எப்படிக் கையாள்வது என்ற சங்கடம் அவருக்கு வரும்.

ஆகவே அழைப்பு வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாகவே புதிதாக எழுதினோம். நாட்காட்டி அழைப்பில் 'மறுக்கிறேன்' என்பதை மட்டும் அழுத்தவேண்டாம் என்றேன். வேலையே வேண்டாம் என்று விலகியதாக அது தோன்றிவிடும். ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதத்தின் சாரம் இது:

"இன்று காலை 9:30 நேர்முகத்துக்கு இணைய முடியாமற் போனதற்கு வருந்துகிறேன். நாடளாவிய வலையமைப்புத் தடங்கலால் என் இணையமும் கைப்பேசியும் இயங்கவில்லை. அதனால் முன்கூட்டியே அறிவிக்கவும் முடியவில்லை. உங்கள் நேரத்தையும் மேலாளரின் நேரத்தையும் வீணாக்கியதற்கு மன்னிக்கவும். இந்தப் பணியில் எனக்குத் தொடர்ந்து ஆர்வம் உண்டு. இயலுமானால் வேறொரு நேரம் தருவீர்களா? திங்கள் காலை 9 முதல் 12 வரை, செவ்வாய் பிற்பகல் 1 முதல் 4 வரை, புதன் முழுநாளும் எனக்கு வசதி. இணைப்பு மீண்டும் தடைப்பட்டால் பேசுவதற்கு வேறு நிறுவனத்தின் எண் ஒன்றைக் கீழே தருகிறேன்."

இதில் மன்னிப்பைவிட அதிகம் வேலை செய்வது கடைசிப் பகுதிதான். "உங்களுக்கு வசதியான எந்த நேரமும்" என்று பணிவாக எழுதினால், நேரம் தேடும் பாரம் அவர் தலையில் விழுகிறது. மூன்று இடைவெளி கொடுத்தால் மேலாளரின் நாட்காட்டியில் ஒன்றைப் பொருத்திவிடலாம். எதிர்த்தரப்பு வன்கூவரில் இருந்தால் கிழக்கு நேரம் என்றும் குறிப்பிட வேண்டும். இரண்டு நகரங்களுக்கும் நேர வித்தியாசம் உண்டு. மாற்று எண், அதே தடங்கல் மறுபடி வந்தாலும் நேர்முகம் தவறாது என்ற உறுதியைத் தருகிறது.

அந்தப் பிள்ளையின் காரணத்தை எவராலும் செய்தியில் பார்த்து உறுதிசெய்ய முடிந்தது. பிந்தியது நம் பிழையாக இருந்தால் கடிதம் வேறு மாதிரி அமைய வேண்டும். பஸ் பிந்தியது, பனி கொட்டியது என்று இந்த நகரத்தில் சொன்னால், அதற்கும் சேர்த்து நேரத்தோடு புறப்பட்டிருக்க வேண்டும் என்றே நினைப்பார்கள். "போதிய நேரம் வைத்துப் புறப்படவில்லை, அது என் தவறு" என்ற ஒரு வரி போதும். வழியிலேயே பிந்துவது தெரிந்தால், குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்து எத்தனை நிமிடம் என்று சொல்வது பிறகு எழுதும் எந்தக் கடிதத்தையும்விட நல்லது.

எல்லா இடத்திலும் மறுவாய்ப்பு கிடைக்காது. அரசு வேலைகளில் குழுவாக அமர்ந்து, எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே கேள்விகளைக் குறித்த நாட்களில் கேட்டு முடிப்பதுண்டு. அந்த நாட்கள் கடந்துவிட்டால் அலுவலர் விரும்பினாலும் திறக்க வழி இருக்காது. பதில் வராவிட்டால், இரண்டு மூன்று வேலை நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கு மேல் எழுதுவது வற்புறுத்தலாகிவிடும்.

அவளுக்குத் திங்கள் காலை பதில் வந்தது. மேலாளரின் வீட்டிலும் அன்று இணையம் இல்லையாம். செவ்வாய் இரண்டு மணிக்கு நேரம் கொடுத்தார்கள். "தொடங்கும்போது திரும்பவும் மன்னிப்புக் கேட்கட்டோ அக்கா?" என்றாள். "வேறு நேரம் தந்ததற்கு நன்றி எண்டு ஒரு வசனம் சொல்லிப்போட்டு, கணக்கைப் பற்றிப் பேசு பிள்ளை" என்றேன். மன்னிப்பு வெள்ளிக்கிழமைக் கடிதத்திலேயே முடிந்துவிட்டது. செவ்வாய் நேரம் முழுவதும் அவளுடைய வேலைத்திறனுக்கு உரியது.