412 சொல்லை 350-க்குள் கொண்டுவந்த கதை

உங்களில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள். இந்தப் பதிவு அவர்களுக்காக. மற்றவர்களும் படிக்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

என்னிடம் எட்டாம் வகுப்புவரை படித்த ஒரு பெண் இப்போது நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வளரிளம் பெண்கள் ஒழுங்காக விழுங்குகிறார்களா என்பது அவள் ஆய்வு. ஒரு இதழ் அவள் கட்டுரையைப் படிக்காமலேயே, சுருக்கம் விதிப்படி இல்லை என்று திருப்பிவிட்டது. "ஆய்வைக் குறை சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் டீச்சர்" என்றாள். அடுத்து BMC Public Health இதழுக்கு அனுப்பப் போவதாகச் சொல்லி மடிக்கணினியைத் திறந்தாள். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் "மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக" என்ற கேள்விக்கு எத்தனை ஆயிரம் விடைத்தாள் திருத்தியிருப்பேன்!

முதலில் இதழின் விதிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டோம். சுருக்கம் 350 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. Background, Methods, Results, Conclusions என்று நான்கு பகுதிகள் வேண்டும். மேற்கோள் எண் கூடாது, சுருக்கக் குறியீடுகளைக் குறைக்க வேண்டும். குறிச்சொற்கள் 3 முதல் 10 வரை. அவளுடையது பகுதி பிரிக்காத ஒரே பத்தி, 412 சொற்கள், 12 குறிச்சொற்கள், நடுவில் [3] என்று ஒரு மேற்கோள் எண் வேறு. முன்பு வேறொரு இதழுக்கு எழுதியதை அப்படியே வைத்திருந்தாள். ஒரு இதழின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. 300-ம் உண்டு, 250-ம் உண்டு.

அவள் அங்கங்கே ஒரு சொல், இங்கே ஒரு சொல் என்று பிடுங்கத் தொடங்கினாள். நிறுத்து என்றேன். நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகத் தேர்ந்தெடுத்து, வேர்டில் கீழ்ப்பட்டையில் வரும் எண்ணை எழுதச் சொன்னேன். பின்னணி 168, முறை 96, முடிவுகள் 84, முடிவுரை 64. கோளாறு எங்கே என்று அந்த நாலு எண்ணே சொல்லிவிட்டது. இரத்தசோகை உலகப் பிரச்சினை என்று நான்கு வாக்கியம். அந்த இதழைப் படிப்பவருக்கு அது தெரியாதா? பின்னணியில் இருக்க வேண்டியது இரண்டுதான்: எந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் இருந்தது, இவள் எதைக் கண்டறியப் புறப்பட்டாள். 80 சொல்லில் முடிந்தது. மேற்கோள் எண்ணும் அதோடு போயிற்று.

முடிவுகள் பகுதியில் வேறு சங்கதி. "குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்பட்டது" என்று இருந்ததே தவிர, நூற்றுக்கு எத்தனை பெண்கள் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டார்கள் என்ற எண்ணே இல்லை. ஆய்வின் விடையே அதுதானே! பெரும்பாலானவர்கள் சுருக்கத்தோடு நின்றுவிடுவார்கள், அட்டவணைவரை போகமாட்டார்கள். அங்கே குறைக்காமல் 110 சொல்லாகக் கூட்டினோம். ஒவ்வொரு எண்ணையும் கட்டுரையின் அட்டவணையோடு வைத்துப் பார்த்தோம். ஓரிடத்தில் தசமம் ஒத்துப்போகவில்லை, திருத்தினாள். முறை 92, முடிவுரை 48. மொத்தம் 330.

இன்னும் 20 சொல் இடம் இருக்கிறதே, வெட்டிய ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சேர்க்கலாமா என்றாள். வேண்டாம் என்றேன். வேர்டு இடைவெளியை வைத்து எண்ணுகிறது. `p<0.05` என்று ஒட்டி எழுதினால் ஒரு சொல், `p < 0.05` என்று விட்டு எழுதினால் மூன்று. கோடு போட்டு இணைத்த சொல்லை ஒருவர் ஒன்றாக எண்ணுவார், இன்னொருவர் இரண்டாக எண்ணுவார். பகுதித் தலைப்புகளும் கணக்கில் வரலாம். அதனால் பத்துப் பதினைந்து சொல் குறைவாகவே நிற்பது நல்லது.

குறிச்சொற்களுக்கு MeSH என்ற அமெரிக்க மருத்துவ நூலகச் சொற்பட்டியலைத் திறந்தாள். மருத்துவக் கட்டுரைகளை அந்தச் சொற்களின் கீழ்தான் அங்கே வகைப்படுத்துகிறார்கள். "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுதல்" என்று அவள் நீட்டி எழுதியிருந்ததற்கு அங்கே Medication Adherence என்று பெயர். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகைக்கு Anemia, Iron-Deficiency. எழுத்துக்கூட்டல் அமெரிக்கப் பாணி, பார்த்து அடிக்க வேண்டும். ஒரே பொருளைச் சொன்ன சொற்களை எடுத்துவிட்டதில் 12 என்பது 6 ஆனது.

கடைசியில் ஒரு வேலை. இணையத்தில் அனுப்பும்போது சுருக்கத்தைத் தனிப் பெட்டியிலும் ஒட்ட வேண்டும், கட்டுரைக் கோப்பிலும் அது இருக்கும். கோப்பில் திருத்திவிட்டாள், பெட்டியில் பழைய 412 அப்படியே உட்கார்ந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் உரக்கப் படிக்க, அவள் விரல் வைத்துச் சரிபார்த்தாள். பிறகுதான் அனுப்பும் பொத்தானை அழுத்தவிட்டேன்.