மேல்தொட்டி கேட்டால் போதுமா?

மேட்டுப் பகுதியில் இருக்கும் தாமான்களில் மின்வேலைக்குப் போகும்போது ஒரே மாதிரி அமைப்பைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். குழாயில் வேகம் போதாததால் தண்ணீர் கூரைக்கு ஏறாது. குழாயோடு நேராகப் பம்பைப் பொருத்தி இழுப்பதற்கு நம் நாட்டில் அனுமதி இல்லை. அதனால் வீட்டின் பின்புறம் ஒரு கீழ்த்தொட்டி வைத்து, அதில் நிறையும் தண்ணீரைச் சிறிய பம்ப் மூலம் மேலே ஏற்றுவார்கள். பம்பைப் போடவும் அணைக்கவும் ஆள் தேவைப்படாமல் இருக்கத் தானியங்கிக் கருவி ஒன்றைப் பொருத்துவார்கள்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஒரே வருடத்தில் இரண்டு பம்புகள் கெட்டுப்போயின. வீட்டுக்காரப் பெரியம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, சுவிட்சைக் கையால் போட்டு அணைத்த காலத்தில் ஒரு பம்ப் எட்டு வருடம் ஓடியது. ஆட்டோமேட்டிக் வைத்த பிறகு ஏன் இப்படி?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதில், பொருத்தியிருந்த கம்பிகளின் எண்ணிக்கையில் இருந்தது.

இந்தக் கருவி வேலை செய்யும் விதம் எளிமையானது. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். தொட்டிக்குள் மூன்று துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைத் தொங்கவிடுவார்கள். மிக நீளமானது பொதுக்கம்பி. நடுத்தரமானது 'தண்ணீர் குறைந்துவிட்டது' என்பதைச் சொல்லும். மிகக் குட்டையானது 'நிறைந்துவிட்டது' என்பதைச் சொல்லும். தண்ணீர் ஒரு கம்பியைத் தொட்டதும் அதிலிருந்து பொதுக்கம்பிக்கு ஆபத்தில்லாத மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். கருவி அதை உணர்ந்துகொள்ளும். மேல்தொட்டியில் நீர் நடுக்கம்பிக்குக் கீழே இறங்கினால் பம்ப் ஓடத் தொடங்கும். நீர் குட்டைக்கம்பியைத் தொட்டதும் நிற்கும். மறுபடியும் நடுக்கம்பிக்குக் கீழே இறங்கும்வரை ஓடாது.

பெரியம்மா வீட்டில் மேல்தொட்டியில் மட்டும்தான் இந்த மூன்று கம்பிகள் இருந்தன. கீழ்த்தொட்டியில் ஒன்றுகூட இல்லை. தண்ணீர்த் தடை வந்த நாளில் கீழ்த்தொட்டி காலியாகிவிட்டது. மேல்தொட்டியும் குறைந்துகொண்டே வந்தது. 'தண்ணீர் வேண்டும்' என்று மேலே இருந்து குறிப்பு வந்ததும் கருவி பம்பை ஓடவிட்டது. நிறைந்துவிட்டது என்ற குறிப்பு வர வழியே இல்லாததால் பம்ப் இரவு முழுக்க ஓடியது. கையால் சுவிட்ச் போட்ட காலத்தில், சத்தம் மாறியதும் பெரியம்மாவே எழுந்து வந்து அணைத்திருப்பார். பாதித் தானியங்கி அந்தக் காவலையும் எடுத்துவிட்டது.

தண்ணீர் இல்லாமல் ஓடும் பம்பில் முதலில் போவது மோட்டார் அல்ல. சுழலும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் சீல்தான் போகும். அதில் இரண்டு வழவழப்பான முகங்கள் ஒன்றோடொன்று உரசிச் சுற்றுகின்றன. அவற்றுக்கு இடையே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் மசகும் குளிர்ச்சியும். படலம் காய்ந்தால் முகங்கள் சூடேறி விரிசல் விடும். பிறகு அந்த வழியாகக் கசியும் நீர் மோட்டாருக்குள் இறங்கும். பம்புக்கு அடியில் ஈரம், பிறகு கிரீச்சென்ற சத்தம், அதன் பிறகு மோட்டார் போய்விட்டது என்று நாம் காணும் வரிசை இதுதான்.

"ஓவர்லோடு இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று பலர் கேட்பார்கள். காப்பாற்றாது. தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லாதபோது பம்புக்குச் சுமை குறைகிறது. அதனால் மோட்டார் இழுக்கும் மின்சாரமும் குறைகிறது. அளவுக்கு மேல் மின்சாரம் போனால் மட்டுமே துண்டிக்கும் ஓவர்லோடுக்கு, இது சுகமான ஓட்டமாகத்தான் தெரியும்.

ஆகவே கீழ்த்தொட்டியிலும் மூன்று கம்பிகள் வேண்டும். ஒன்று பொதுக்கம்பி. மற்றொன்று 'நிறுத்து' என்று சொல்லும். இன்னொன்று 'மறுபடி ஓடலாம்' என்று அனுமதிக்கும். மேல்தொட்டி கேட்க வேண்டும், கீழ்த்தொட்டி சம்மதிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பம்ப் ஓட வேண்டும்.

கீழே உள்ள இரண்டு கம்பிகளுக்கும் இடையே விடும் இடைவெளியில்தான் அடுத்த சிக்கல். பெரியம்மாவின் கீழ்த்தொட்டி 1,000 லிட்டர், ஏறக்குறைய 1 மீட்டர் அகலமுள்ள உருளை. அதில் 1 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 8 லிட்டர் நீர் நிற்கும். பம்ப் நிமிடத்துக்கு 40 லிட்டர் ஏற்றுகிறது. வேகம் குறைந்த நாளில் குழாயில் நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் வருகிறது. கம்பிகளுக்கு இடையே 3 செ.மீ. மட்டும் விட்டால் கையிருப்பு 24 லிட்டர். அது 40 விநாடிகளில் தீர்ந்துவிடும். மீண்டும் நிறைய 5 நிமிடம் ஆகும். அப்படியானால் பம்ப் ஒரு மணி நேரத்தில் பத்து முறை தொடங்கி நிற்கும். ஒவ்வொரு தொடக்கத்திலும் மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுத்துச் சூடாகும். வறண்டு போவதிலிருந்து காப்பாற்றி, வேறு வழியில் கெடுத்தது போல ஆகிவிடும்.

அதனால் 'நிறுத்து' கம்பியைத் தொட்டியின் அடியிலிருந்து 20 செ.மீ. உயரத்திலும், 'ஓடலாம்' கம்பியை 50 செ.மீ. உயரத்திலும் வைத்தேன். இப்போது கையிருப்பு 240 லிட்டர். பம்ப் ஏழு நிமிடம் ஓடி, முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓய்வெடுக்கும். நீர் போகும் வாய் அடியிலிருந்து 7 செ.மீ.யில் இருந்தது. 'நிறுத்து' கம்பி அதைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும். வாய்க்கு அருகே நீர் இறங்கினால் சுழல் உண்டாகிக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

கம்பிகளும் கெடும். ஆனால் ஒரே கோளாறு இரண்டு தொட்டிகளிலும் ஒரே விளைவைத் தராது. கீழே வயர் அறுந்தால் 'தண்ணீர் இல்லை' என்று கருவி எடுத்துக்கொண்டு பம்பை நிறுத்திவிடும். அது பாதுகாப்பான பிழை. மேலே குட்டைக்கம்பியின் வயர் அறுந்தால் 'இன்னும் நிறையவில்லை' என்று எடுத்துக்கொள்ளும். கூரையிலிருந்து தண்ணீர் வழியும்வரை நமக்குத் தெரியாது. கீழே கம்பிகளைப் பிடித்திருக்கும் மூடியில் ஈரப்பாசி படர்ந்து ஒரு கம்பியிலிருந்து மற்றொன்றுக்குப் பாலம் போட்டால், தொட்டி காலியானாலும் 'தண்ணீர் இருக்கிறது' என்றே கருவி நம்பும். மூன்றிலும் மோசமானது இதுதான்.

கருவி வாங்கும்போது கம்பிகளுக்கு மாறுமின்னோட்டம் அனுப்புகிறதா என்று கேளுங்கள். நேர்மின்னோட்டம் அனுப்பும் மலிவான கருவிகளில் மின்பகுப்பு நடந்து, சில மாதங்களில் ஒரு கம்பி மட்டும் கறுத்து அரித்துப் போயிருக்கும்.

இந்த அமைப்புக்கும் எல்லை உண்டு. கம்பிகள் தொட்டியைத்தான் பார்க்கின்றன, பம்பின் உள்ளே பார்ப்பதில்லை. தொட்டி நிறைந்திருந்தும் உறிஞ்சும் குழாயின் இணைப்பில் காற்று புகுந்தால் பம்ப் வறண்டே ஓடும். தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சும் பம்புகளுக்கு, மின்சாரம் குறைந்ததும் துண்டிக்கும் கருவியையும் சேர்ப்பது நல்லது. பெரியம்மா வீட்டில் பம்ப் தொட்டியைவிடத் தாழ்வாக இருப்பதால் அது தேவைப்படவில்லை.

230 வோல்ட் வேலையைப் பதிவு பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். ஆனால் சோதனையை நீங்களே செய்யலாம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்த்தொட்டியின் கம்பிகளை மூடியோடு நீருக்கு வெளியே தூக்குங்கள். பம்ப் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மூடியின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்த அன்றும் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். பெரியம்மா நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.