இரண்டு தடவை போன 1,180

புத்தகக் கடை ஒன்றின் இணையதளத்தில் 1,180 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். ஓ.டி.பி. அடித்ததும் திரை உறைந்துபோக, மறுபடி கட்டினேன். கார்டில் இரண்டு தடவையும் கழிந்திருந்தது.

'பணத்தைப் பிடுங்கிவிட்டீர்கள், உடனே திருப்பவும்' என்று பேமென்ட் கேட்வேக்குக் காரசாரமாக எழுதி, அந்தத் துறையில் குப்பை கொட்டும் அக்கா பையனிடம் காட்டினேன்.

"மாமா, அன்னிக்கு 1,180 ரூபாய் எத்தனை பேர் கட்டியிருப்பாங்க? எதை வெச்சுத் தேடுவான்?"

கடைக்கு ஆர்டர் எண் தெரியும். கேட்வேயோ ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி பேமென்ட் ஐ.டி. போடுகிறது. மின்னஞ்சலில் வந்த இரண்டு ரசீதுகளிலும் அது இருந்தது; நான்தான் பார்க்கவில்லை.

திருத்தி எழுதினோம். தலைப்பிலேயே ஆர்டர் எண். கீழே, கட்டணத்துக்கு ஒரு வரியாக ஐ.டி., தேதி, நேரம் (இரவு 9.42, 9.46), தொகை, கார்டின் கடைசி நாலு எண்கள் மட்டும். முழு எண்ணை எழுதப் போனவன் கையைத் தட்டிவிட்டான். 'முதலாவது ஆர்டருக்கு, இரண்டாவதைத் திருப்பவும்' என்பது கடைசி வரி. 'பிடுங்கி' போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மறுநாள் புகார் எண்ணோடு பதில்: 'இரண்டாவது ஐ.டி.யைக் கண்டோம். கடைதான் ஒப்புதல் தரவேண்டும், அனுப்பியிருக்கிறோம்.' அந்த மடலுக்கே பதில் போட்டு, கடைக்கும் ஒரு நகல் அனுப்பினேன். ஆறாம் நாள் பணம் வந்தது.