நான் வகுப்பில் சொன்ன ஒரு தவறு

  இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். காசிமேட்டில் என்னிடம் கணக்குப் படித்தவர்கள் கட்டாயம் படிக்கவேண்டும். ஏனென்றால் இது உங்களுக்கு நான் சொன்ன ஒரு தவறான பாடத்துக்குத் திருத்தம்.

இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில், மே மாதம் ஒரு சாயங்காலம், என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். பெயர் வேண்டாம், எழுதிக்கொள்ள அனுமதி மட்டும் கொடுத்திருக்கிறான். காபி குடித்துவிட்டு ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "டீச்சர், ஒரு பதிமூணாயிரம் வேணும். நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன்" என்றான்.

நாளைக்கே எப்படித் திருப்புவாய் என்று கேட்டேன். மெதுவாக விஷயம் வெளியே வந்தது. போனில் ஒரு பகடை ஆட்டம். 1, 2, 3 விழுந்தால் சின்னது. 4, 5, 6 விழுந்தால் பெரியது. எது என்று பணம் கட்டிச் சொல்லவேண்டும். இவன் நூறு ரூபாயில் ஆரம்பித்துப் பெரியது என்று கட்டியிருக்கிறான். தோற்றால் அடுத்ததில் இரண்டு மடங்கு. 100, 200, 400, 800, 1600, 3200, 6400. ஏழு முறையும் சின்னதே விழுந்திருக்கிறது. கூட்டிப் பாருங்கள், 12,700 ரூபாய். மனைவியின் கம்மல் அடகுக்கடையில் இருக்கிறது. எட்டாவது கட்டத்துக்கு 12,800 வேண்டும், அதற்குத்தான் என்னிடம் வந்திருக்கிறான்.

"ஏழு வாட்டி வரிசையா சின்னது வந்துச்சு டீச்சர். எட்டாவது பெருசு வந்தே தீரணும்ல? நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க, தலை அதிகமா வந்துச்சுன்னா அப்பால பூ வந்து சரி பண்ணிடும்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லியிருக்கிறேன். பரீட்சை முடிந்த ஏப்ரல் மாத மதியங்களில் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டிக் காட்டி, "போகப் போகச் சரிசமம் ஆகிவிடும்" என்று உங்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். தலையும் பூவும் போகப் போகப் பாதிப் பாதியை நெருங்கும் என்பது உண்மைதான். ஆனால் "பூ வந்து சரி பண்ணிவிடும்" என்பது பொய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கே அன்று தெளிவாக இல்லை.

பணம் தருவதைப் பற்றிப் பேசாமல், பேத்தியின் பாம்பு ஏணிப் பெட்டியிலிருந்து பகடையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். நான் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். "நீ உருட்டு, நான் எழுதறேன்" என்றேன்.

பகடையின் ஆறு பக்கங்களையும் கூட்டினால் 21. ஆறால் வகுத்தால் 3.5. ஒழுங்கான பகடையைப் பல முறை உருட்டி, விழுந்த எண்களைக் கூட்டி, உருட்டிய தடவைகளால் வகுத்துக்கொண்டே வந்தால், அந்தச் சராசரி 3.5 பக்கம் போகும். இதைத்தான் பேரெண்கள் விதி என்கிறார்கள்.

முதல் பத்து உருட்டல்: 2, 1, 3, 1, 5, 2, 1, 4, 1, 6. கூட்டினால் 26, சராசரி 2.6. பத்துக்கு வரவேண்டியது 35. ஒன்பது குறைகிறது.

"பாத்தீங்களா, கம்மியா வந்துருச்சு. இனிமே பெருசு பெருசா வரும்" என்றான். "சரி, உருட்டு" என்றேன். அன்று இருநூறும் மறுநாள் முந்நூறும் உருட்டினோம். நடுநடுவே கூட்டிப் பார்த்தது இது:

10 முறை: மொத்தம் 26, சராசரி 2.6, வரவேண்டியதைவிட 9 குறைவு.
100 முறை: மொத்தம் 342, சராசரி 3.42, 8 குறைவு.
200 முறை: மொத்தம் 686, சராசரி 3.43, 14 குறைவு.
500 முறை: மொத்தம் 1728, சராசரி 3.456, 22 குறைவு.

இதை அவனிடம் நிறுத்தி நிதானமாகக் காட்டினேன். சராசரி 2.6-இலிருந்து 3.456 வரை வந்துவிட்டது, விதி சொன்னபடியே. ஆனால் பாக்கி தீர்ந்ததா? இல்லை. ஒன்பதாக இருந்த குறை இருபத்திரண்டாக வளர்ந்திருக்கிறது. அப்படியானால் சராசரி எப்படிச் சரியானது? பகடை பழைய பாக்கியை அடைக்கவில்லை. 9 குறைவு என்பதைப் பத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட ஒன்று, பெரிதாகத் தெரிகிறது. 22 குறைவு என்பதை ஐந்நூறால் வகுத்தால் 0.044, கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி உப்பைப் போட்டால் கரிக்கும். அதைக் குடத்தில் ஊற்றினால் அவ்வளவு கரிக்காது. உப்பை யாரும் வெளியே எடுக்கவில்லை, தண்ணீர்தான் அதிகமானது.

எப்போதும் குறை இப்படி வளரும் என்று நினைக்காதீர்கள். சில சமயம் சுருங்கும், சில சமயம் பூஜ்யத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். ஆனால் பொதுவாக, உருட்டல் நூறு மடங்கானால் மொத்தத்தில் வரும் விலகல் பத்து மடங்காகும். நூறு உருட்டலில் 17 அளவுக்குக் கூடவோ குறையவோ இருப்பது சகஜம். பத்தாயிரம் உருட்டலில் அதுவே 170 அளவுக்குப் போகும். சராசரியில் பார்த்தால் 0.17 என்பது 0.017 ஆகச் சுருங்கிவிடும்.

என் வீட்டுப் பகடையை நம்பவேண்டாம். ஜான் கெரிச் என்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கணித அறிஞர் ஒருவர் 1940-இல் டென்மார்க்கில் மாட்டிக்கொண்டார். ஜெர்மனி அந்த நாட்டைப் பிடித்ததும் அவரை முகாமில் அடைத்துவிட்டார்கள். அங்கே பொழுது போகாமல் ஒரு நாணயத்தைப் பத்தாயிரம் முறை சுண்டி எழுதி வைத்தார். முதல் நூறில் தலை 44. பாதியைவிட 6 குறைவு. பத்தாயிரத்தின் முடிவில் தலை 5067. பாதியைவிட 67 அதிகம். 44 சதவீதம் 50.67 ஆனது, ஆறாக இருந்த விலகல் அறுபத்தேழானது. எங்கள் நோட்டில் நடந்ததேதான்.

இதற்குப் பிறகும் அவன் விடவில்லை. "மொத்தம் கிடக்கட்டும் டீச்சர். வரிசையா சின்னது வந்தா அடுத்தது?" என்றான். நல்ல கேள்வி. இதைத் தனியாகவே எண்ணிப் பார்க்கலாம். ஐந்நூறு உருட்டலில் மூன்று சின்னது வரிசையாக வந்த இடங்களை எல்லாம் பென்சிலால் வட்டம் போடச் சொன்னேன். 61 இடம் கிடைத்தது. அடுத்து விழுந்தது பெரியது 29 முறை, சின்னது 32 முறை. அவன் இரண்டாம் முறை எண்ணினான். அதே கணக்கு. பகடை ஒரு மரக்கட்டை. முன்னால் என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. ஏழு சின்னதுக்குப் பிறகும் எட்டாவதில் பாதிக்குப் பாதிதான்.

வரிசையாக ஏழு தோல்வி வருவதே அபூர்வம் என்று நினைத்துத்தான் அவன் இரட்டிப்பு ஆட்டத்தில் இறங்கியிருக்கிறான். தனியாக ஏழே ஆட்டம் ஆடினால் 128-இல் ஒரு வாய்ப்புதான். ஆனால் தினமும் இருபது ஆட்டம் என்று ஒரு மாதம் ஆடினால் அறுநூறு ஆட்டம். அத்தனையில் எங்காவது ஒரு முறை ஏழு தோல்வி வரிசையாக வருவதற்குத்தான் வாய்ப்பு மிக அதிகம்.

அப்போது அவன் சொன்னதுதான் எனக்குப் புதிய பாடம். "கடல்ல அப்படி இல்லியே டீச்சர். நாலு நாள் பாடு இல்லன்னா அஞ்சாவது நாள் வருதே." யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வது அங்கே தவறில்லை. காற்று மாறும், நீரோட்டம் மாறும், மீன் இடம் மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகாமல் இருப்பதே மீன் பெருகட்டும் என்றுதான். கடலில் நேற்றைக்கும் இன்றைக்கும் தொடர்பு உண்டு, அதனால் பொறுத்திருந்தால் பலன் உண்டு. சீட்டுக்கட்டிலும் அப்படித்தான், நான்கு ஆஸும் இறங்கிவிட்டால் மீதிக் கட்டில் ஆஸ் கிடையாது. பகடைக்கு அப்படி எதுவும் குறைவதும் இல்லை, பெருகுவதும் இல்லை. அதற்குத் தடைக்காலமும் கிடையாது. கடல் சொல்லிக்கொடுத்த பொறுமையைக் கொண்டுபோய் அவன் போனில் வைத்துவிட்டான்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "நூறு கட்டி ஜெயிச்சா எவ்வளவு தருவான்?" "நூத்தித் தொண்ணூத்தாறு." இருநூறு இல்லை! பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 98 ரூபாய் திரும்பி வரும், இரண்டு ரூபாய் போகும். ஒருவனுக்கு ஒருநாள் லாபம் வரலாம், அது அதிர்ஷ்டம். ஆனால் ஆட்டம் நடத்துகிறவனுக்கு ஒரே நாளில் லட்சக்கணக்கான ஆட்டம். அவனுடைய சராசரி அந்த இரண்டு ரூபாயை விட்டு நகராது. பேரெண்கள் விதி அந்த வியாபாரத்தில் அவனுக்குத்தான் வேலை செய்கிறது. அதுவும் பகடை ஒழுங்கானதாக இருந்தால். போனுக்குள் உருளும் பகடையை யார் கையில் எடுத்துப் பார்த்தார்கள்? அது ஒரு பக்கம் சாய்ந்ததாக இருந்தால், எத்தனை ஆயிரம் முறை உருட்டினாலும் சராசரி அந்தச் சாய்ந்த எண்ணிலேயே போய் நிற்கும்.

நான் பணம் தரவில்லை. கோபித்துக்கொண்டுதான் போனான். பத்து நாள் கழித்து மனைவியோடு வந்து, போனிலிருந்து ஆட்டத்தை எடுத்துவிட்டேன் என்று காட்டினான். ஜூன் 15 முதல் கடலுக்குப் போகிறான். கம்மல் இன்னும் மீளவில்லை, வாராவாரம் கொஞ்சம் கட்டி வருகிறான். திரும்ப அந்தப் பக்கம் போகமாட்டான் என்று நான் எப்படிச் சத்தியம் செய்ய முடியும்? அந்த நோட்டை மட்டும் அவனே கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

ஆகவே, என் மாணவர்களே, பழைய பாடத்தை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்: சராசரி சரியாவது பழைய நஷ்டம் திரும்பி வருவதால் அல்ல. அந்த நஷ்டம் அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றி எண்ணிக்கைதான் பெருகுகிறது.

நம்பிக்கை வராதவர்கள் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இருநூறு முறை உருட்டிப் பாருங்கள். மூன்று சின்னதுக்குப் பிறகு என்ன வந்தது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்