கவர்ஸ்லிப்பில் நாற்பது, சொட்டில் ஒன்பது

மலப் பரிசோதனையில் மிதவை முறையையும் படிவு முறையையும் ஒப்பிட்டு அறிக்கை எழுதச் சொன்னால், லேப் டெக்னீஷியன் படிப்பு மாணவர்களில் பாதிப்பேர் ஒரே மாதிரிதான் முடிப்பார்கள்: “மிதவை முறையில் அதிக முட்டைகள் கிடைத்தன. எனவே அதுவே சிறந்தது.” அதன் கீழே ‘பிழைக்கான காரணங்கள்’ என்று தலைப்பிட்டு, “மனிதத் தவறு இருக்கலாம்” என்று ஒரு வரி. அந்த வரியை நான் எப்போதும் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். எந்தக் கட்டத்தில், எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்லாத பிழை பிழைக்கணக்கில் சேராது.

ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். மலத்தை நன்றாகக் கலக்கி, ஒரு கிராம் ஒரு முறைக்கு, ஒரு கிராம் மற்றதற்கு என்று எடைபோட்டுப் பிரித்திருக்கிறார்கள். (இந்தக் கலக்கலைத் தவிர்த்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். முட்டைகள் மலத்தில் சீராகப் பரவிக் கிடப்பதில்லை.) முதல் கிராம் செறிவான உப்புக் கரைசலில் மிதக்கவிடப்படுகிறது. 1921இல் வில்லிஸ் சொன்ன முறை இது. சிறு குப்பியில் கரைசலை விளிம்புக்கு மேல் குவியும்படி நிரப்பி, கவர்ஸ்லிப்பை வைத்து, 20 முதல் 30 நிமிடம் விட்டு, நேராகத் தூக்கி ஸ்லைடில் வைக்க வேண்டும். இன்னொரு கிராமுக்கு 1948இல் ரிட்சி சொன்ன ஃபார்மால்–ஈதர் படிவு முறை. ஃபார்மலினில் கரைத்து, வடிகட்டி, ஈதர் சேர்த்துக் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அடியில் தங்கும் படிவைப் பார்க்க வேண்டும்.

அட்டவணை சொல்வது இது. கவர்ஸ்லிப்பில் கொக்கிப்புழு முட்டை 40, உருளைப்புழுவின் கருவுறாத முட்டை ஒன்றுகூட இல்லை. படிவில் கொக்கிப்புழு 9, கருவுறாத உருளைப்புழு முட்டை 5. முடிவு: கொக்கிப்புழுவுக்கு மிதவை முறை நான்கு மடங்கு மேல்.

இங்கேதான் நிற்க வேண்டும். 40 என்பது ஏறக்குறைய முழுக் கிராமிலிருந்து மேலே வந்தவை. 9 எங்கிருந்து வந்தது? படிவின் மொத்த அளவு அரை மில்லி. ஸ்லைடில் வைத்த சொட்டு 0.05 மில்லி. பத்தில் ஒரு பங்கைத்தான் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் படிவு முழுவதும் சுமார் 90 முட்டை. “ரெண்டும் ஒரே சாம்பிள்தானே மேடம்?” என்பார்கள். சாம்பிள் ஒன்றுதான், பார்த்த பங்கு ஒன்றல்ல.

சரி, 90 நாற்பதைவிடப் பெரியது, படிவு முறைதான் வென்றது என்று கட்சி மாறிவிடலாமா? அதுவும் அவசரம். ஒரு சொட்டில் 9 எண்ணினால், அதே படிவிலிருந்து அடுத்த சொட்டில் 6 வரலாம், 12 வரலாம். எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு; 9க்கு 3. அதை இரட்டிப்பாக்கி 3 முதல் 15 வரை என்று வைத்தால், முழுப் படிவுக்கு 30 முதல் 150 வரை. 40 அதற்குள்ளேயே விழுகிறது. ஆகவே கொக்கிப்புழுவைப் பொறுத்தவரை இந்த அட்டவணை எந்த முறைக்கும் வெற்றி தரவில்லை. படிவு முழுவதையும் சொட்டுச் சொட்டாகப் பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கருவுறாத உருளைப்புழு முட்டையின் கதை வேறு. படிவில் 50 அளவுக்கு இருந்தது மேலே ஒன்றுகூட வரவில்லை என்பதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. காரணம் அடர்த்தி. செறிவான உப்புக் கரைசலின் ஒப்படர்த்தி 1.20. கொக்கிப்புழு முட்டை 1.06ஐ ஒட்டியது, கருவுற்ற உருளைப்புழு முட்டை 1.11, சாட்டைப்புழு முட்டை 1.15. மூன்றும் மேலே வந்துவிடும். கருவுறாத முட்டையின் கனம் அந்த எல்லையைத் தாண்டுகிறது. டீனியா நாடாப்புழு முட்டையும் அப்படித்தான். மூடி உள்ள தட்டைப்புழு முட்டைகளும் மேலே வராது. பார்ப்பதற்கும் கருவுறாத உருளைப்புழு முட்டை பழகாத கண்ணுக்குத் தப்பும்: 90 மைக்ரானை ஒட்டிய நீளம், மெல்லிய ஓடு, உள்ளே ஒளியில் மினுக்கும் மணிமணியான குருணை. தாவரத் துணுக்கு என்று தாண்டிப் போய்விடுவார்கள். இந்த அறிக்கையை எழுதியவர் படிவில் அதைக் கண்டுபிடித்ததற்கே மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆனால் அந்தப் பூஜ்யம் முறையின் குறையா, கரைசலின் குறையா என்று எப்படித் தெரியும்? கரைசல் உண்மையில் 1.20 இருந்ததா என்று அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. 100 மில்லி தண்ணீருக்கு 36 கிராம் உப்பு கரையும். கரையாத உப்பு பாட்டிலின் அடியில் கிடந்தால்தான் செறிவானது என்று நம்பலாம். தெளிந்த பாட்டில் கண்ணுக்கு அழகு, கணக்குக்கு ஆகாது. கரைசல் 1.12க்கு இறங்கியிருந்தால் கொக்கிப்புழு அப்போதும் மிதக்கும், சாட்டைப்புழு அடியில் தங்கிவிடும். ஹைட்ரோமீட்டரை ஒரு முறை மிதக்கவிட்டால் தீர்ந்தது.

இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு, யாரும் செய்வதில்லை. கவர்ஸ்லிப்பைத் தூக்கிய பிறகு குப்பியைக் கழுவக் கொண்டு போகாமல், அடியிலிருந்து பிப்பெட்டில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். கருவுறாத உருளைப்புழு முட்டை மட்டும் கிடந்தால் முறையின் எல்லை அது. கொக்கிப்புழு முட்டையும் கணிசமாகக் கிடந்தால் பிழை உங்களுடையது: கட்டி சரியாகக் கரையவில்லை, கரைசல் செறிவில்லை, அல்லது நேரம் போதவில்லை. நேரம் மிஞ்சினாலும் கெடுதல்தான். உப்பு முட்டையின் நீரை இழுத்து, மெல்லிய ஓடு உள்ளே குழிந்து, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அடையாளமே மாறிவிடும்.

படிவு முறையில் பிழை பதுங்கும் இடம் இரண்டு. ஒன்று வடிகட்டி: கட்டுத்துணியை எட்டு மடிப்பாகப் போட்டால் முட்டையும் துணியிலேயே நின்றுவிடும். மற்றது சென்ட்ரிஃப்யூஜ். “2000 ஆர்பிஎம்” என்று எழுதினால் போதாது. விசையைத் தீர்மானிப்பதில் ஆரத்துக்கும் பங்கு உண்டு.

```
RCF = 1.118 × 10⁻⁵ × r × N²
```

r சென்டிமீட்டரில் ஆரம், N நிமிடத்துக்குச் சுற்று. அதே 2000 சுற்றில் 15 செ.மீ. ஆரமுள்ள இயந்திரம் புவியீர்ப்பைப்போல் சுமார் 670 மடங்கு விசை தரும், 10 செ.மீ. இயந்திரம் 450 மடங்குதான். பக்கத்து லேப்புடன் எண்களை ஒப்பிட வேண்டுமானால் ஆரத்தையும் எழுதியாக வேண்டும். சுற்றி முடித்ததும் ஈதருக்குக் கீழே நிற்கும் கசட்டு அடைப்பைக் குச்சியால் சுவரிலிருந்து விடுவித்து, மேலுள்ளவற்றை ஒரே கவிழ்ப்பில் கொட்ட வேண்டும். தயங்கினால் அடைப்பு உடைந்து படிவில் கலந்துவிடும்; அந்தக் கலங்கல் சொட்டில் முட்டையைத் தேடுவது வீண்.

ஒப்பீட்டு அறிக்கைக்கு என் தீர்ப்பு இது. எண்ணிக்கைப் பத்திக்குப் பக்கத்தில் ‘பார்த்த பங்கு’ என்று இன்னொரு பத்தி இல்லாத அட்டவணையைத் திருப்பி அனுப்புங்கள். கொக்கிப்புழு மட்டும் தேடும் இடத்தில், சென்ட்ரிஃப்யூஜ் இல்லாத ஊரில், உப்புக் கரைசல் தாராளமாகப் போதும். எந்தப் புழு என்று தெரியாத நோயாளிக்குப் படிவு முறையே செய்யுங்கள். உப்புக் கரைசலில் மட்டும் பார்த்துவிட்டு “முட்டை எதுவும் இல்லை” என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.